தை பிறந்ததும் திருத்த வேண்டிய குறிப்பு

டிசம்பர் சீசனில் சபா வாசலில் தரும் நிகழ்ச்சித் தாளைப் புரட்டினால், கச்சேரி செய்பவரைப் பற்றி எட்டுப் பத்து வரி இருக்கும். பல தாள்களில் அந்த வரிகள் ஐந்தாறு வருடம் பழையவை. கலைஞர் எப்போதோ அனுப்பியதைச் செயலாளர் எடுத்து அச்சுக்குக் கொடுத்துவிடுகிறார். மேடையில் அறிவிப்பாளரும் அதையே வாசிக்கிறார்.

நாற்பதை நெருங்கும் ஒரு வயலின் கலைஞரின் குறிப்பு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: “வளர்ந்துவரும் இளம் கலைஞர். கடந்த 15 ஆண்டுகளாக வாசித்து வருகிறார். வானொலியில் ‘பி ஹை’ கிரேடு பெற்றவர். இசையில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறார்.” எழுதிய அன்று நான்குமே உண்மை. இன்று அவர் ‘ஏ’ கிரேடு கலைஞர். ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டார்.

சீசன் முடிந்து மூச்சு விடக் கிடைக்கும் தை மாதம்தான் இதைச் சரிசெய்ய ஏற்ற நேரம். முதலில் அந்த ஆண்டு நடந்ததை ஒரு முழுப் பட்டியலில் சேர்க்க வேண்டும். விருது என்றால் கொடுத்த அமைப்பின் பெயர், ஆண்டு, கடிதத்தின் நகல். கிரேடு உயர்ந்தால் வானொலி அனுப்பிய கடிதம். இந்தப் பட்டியல் வெளியே போகாது, அதனால் எவ்வளவு நீண்டாலும் பரவாயில்லை.

பிறகு அனுப்பும் குறிப்பை எடுத்து, வரிக்கு வரி “இது இன்றைக்கும் உண்மையா?” என்று பார்க்க வேண்டும். வருகிறார், தற்போது, கடந்த இத்தனை ஆண்டுகளாக, இளம் என்ற சொற்கள்தான் முதலில் காலாவதியாகும். “15 ஆண்டுகளாக” என்பதை “2008 முதல்” என்று மாற்றினால் பிறகு அதைத் தொடவே வேண்டாம். ‘ஏ’ வந்த பிறகு ‘பி ஹை’ போய்விடும். முடியாத ஆய்வையும் எடுத்துவிட வேண்டும். மனசு வராத இடம் சிறுவயதுப் பரிசுகள்தான். பள்ளி நாளில் வாங்கிய முதல் பரிசு முழுப் பட்டியலில் பத்திரமாக இருக்கட்டும். நாற்பது வயதுக்காரரின் எட்டு வரியில் அதற்கு இடமில்லை என்பதே என் கருத்து. குருவின் பெயர் மட்டும் எந்த ஆண்டும் நீங்கக்கூடாது. ஆனால் பயிற்சி முடிந்திருந்தால் “பயின்று வருகிறார்” என்பது “பயின்றவர்” ஆக வேண்டும்.

நம் கலைஞரின் புதிய குறிப்பு: “2008 முதல் மேடையேறி வருபவர். வானொலியின் ‘ஏ’ கிரேடு வயலின் கலைஞர்.” நான்கு வரி இரண்டாகச் சுருங்கிவிட்டது. மிச்ச இடத்தில் இந்த ஆண்டு யாருக்குப் பக்கவாத்தியம் வாசித்தார், எந்தத் தனிக்கச்சேரி செய்தார் என்று சொல்லலாம்.

இத்தோடு வேலை முடியவில்லை. பழைய பிரதி சபாக்களின் கணினியில் அப்படியே இருக்கிறது. குறிப்பின் அடியில் “தை 2025” என்பதுபோல மாதமும் ஆண்டும் போடுங்கள். வழக்கமாக அழைக்கும் சபாக்களுக்கெல்லாம் அதை அனுப்பி, முந்தையதை நீக்கிவிடும்படி ஒரு வரி எழுதுங்கள்.