படம் போனால் என்ன, 81 எழுத்து போதும்

காலைப் பேப்பரில் வந்த சுடோகுவைப் போனில் படம் பிடித்து அக்காவுக்கோ, ஓய்வு பெற்ற நண்பருக்கோ அனுப்பி வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. அனுப்பியவர், போனில் இடமில்லை என்று படங்களை மொத்தமாக அழித்துவிடுகிறார். வாங்கியவர் நாலு நாள் கழித்துத் திறந்தால் மங்கலாக ஒரு சதுரம்தான் தெரிகிறது. பேப்பர் வீட்டில்தானே கிடக்கிறது, இன்னொரு முறை படம் எடுத்தால் போயிற்று என்று தோன்றும். ஆனால் அதற்குள் அந்தச் சுடோகுவில் பாதியைப் பேனாவால் நிரப்பியாகிவிட்டது. இப்போது படம் எடுத்தால் விடையும் சேர்ந்து போய்விடும்.

அப்போதுதான் வரி வரியாகத் தட்டச்சு செய்து அனுப்பும் வேலை வருகிறது. ஒன்பது வரி, வரிக்கு ஒன்பது கட்டம், ஆக 81 எழுத்து. இதில் அனுப்புகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அச்சில் இருக்கும் எண்களை மட்டும்தான் அடிக்க வேண்டும். பேனாவில் எழுதிய ஒரு எண் உள்ளே நுழைந்தாலும், அது சரியான விடையா, அவசரத்தில் போட்ட தப்பா என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை. படத்தில் அச்சும் மையும் தனித்தனியாகத் தெரியும். தட்டச்சில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

காலிக் கட்டத்துக்கு என்ன போடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இடைவெளி விட்டால் எத்தனை கட்டம் காலி என்று எண்ண முடியாது. அடிக்கோடு போட்டால் நாலைந்து கோடுகள் ஒட்டிக்கொண்டு ஒரே நீளக் கோடாகிவிடும். புள்ளி வைப்பது சுடோகுக்காரர்களிடையே பழைய பழக்கம், நல்லதுதான். ஆனால் வேர்டு மாதிரியான மென்பொருளில் அடுத்தடுத்து மூன்று புள்ளி வைத்தால், அது தானாகவே மூன்றையும் சேர்த்து ஒரே எழுத்தாக மாற்றிவிடும். பார்வைக்கு மூன்று புள்ளி இருக்கும், கணக்குக்கு ஒன்றுதான். அதனால் போனில் அனுப்ப நான் பூஜ்யத்தைத்தான் சொல்வேன். சுடோகுவில் 0 என்ற எண்ணுக்கு வேலையே இல்லை. ஆகவே குழப்பமும் இல்லை. பூஜ்யத்துக்கு ஆகாத ஒரே இடம் எக்செல். 098000060 என்று அங்கே ஒட்டினால், அதை எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் நிற்கும் பூஜ்யத்தைத் தின்றுவிடும். 000080079 வெறும் 80079 ஆகிவிடும்.

ஒரு புதிரை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் சுடோகுவை விளக்கும் இடங்களில் அடிக்கடி தலைகாட்டும் புதிர் இது:

```
530 070 000
600 195 000
098 000 060

800 060 003
400 803 001
700 020 006

060 000 280
000 419 005
000 080 079
```

மும்மூன்றாகப் பிரித்திருப்பது அழகுக்காக அல்ல. ஒன்பது எழுத்தை ஒரே மூச்சில் எண்ணினால் கண் வழுக்கும். மூன்று எழுத்து பார்த்த மாத்திரத்தில் தெரியும். எண்களைக் கூட்டிப் பார்த்தால் மொத்தம் 30 கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன. இந்த 30 என்பதையும் செய்தியின் அடியில் எழுதி அனுப்புவது நல்லது. ஒரே விடை உள்ள சுடோகுவுக்குக் குறைந்தது 17 எண்களாவது வேண்டும் என்று அயர்லாந்துக் கணிதவியலாளர் கேரி மெக்கையர் 2012இல் கணினியை ஓடவிட்டு நிறுவிக் காட்டினார். வந்து சேர்ந்தது அதைவிடக் குறைவாக இருந்தால் வழியில் ஏதோ விழுந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

இனி வாங்கியவர் பக்கம் வருவோம். கையில் பேப்பர் இல்லை, படமும் இல்லை. வந்த எழுத்துகள் சரியா என்று எப்படிச் சோதிப்பது? ஒரே வரியில், நெடுவரிசையில், பெட்டியில் ஓர் எண் இரண்டு முறை வருகிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் தோன்றும். அதைவிடக் கூர்மையான சோதனை ஒன்று புதிரின் வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது.

சுடோகுவின் இன்றைய வடிவம் 1979இல் அமெரிக்காவின் டெல் நிறுவனப் புதிர் இதழில் வந்தது. ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் உருவாக்கியதாகக் கருதப்படுகிறது. 1984இல் அதை ஜப்பானுக்குக் கொண்டுபோனது நிகோலி என்ற பதிப்பகம். அவர்கள் 1986இல் இரண்டு கட்டுப்பாடுகள் வைத்தார்கள். கொடுக்கும் எண்கள் 32க்கு மேல் போகக்கூடாது; அவை சமச்சீராக அமைய வேண்டும். அதாவது பேப்பரைத் தலைகீழாகத் திருப்பினாலும் நிரம்பிய கட்டங்கள் அதே இடங்களில் தெரிய வேண்டும். விடை காண இந்தச் சமச்சீர் தேவையே இல்லை. அழகுக்காக வைத்த ஏற்பாடு. நம் சோதனைக்கு அதுதான் பெரிய உதவி.

மேலே உள்ள புதிரில் முதல் வரியைப் பின்னாலிருந்து படியுங்கள்: நாலு காலி, ஓர் எண், இரண்டு காலி, இரண்டு எண். கடைசி வரியை முன்னாலிருந்து படித்தாலும் அதே வரும். இரண்டாம் வரிக்கு எட்டாம் வரி ஜோடி, மூன்றுக்கு ஏழு, நான்குக்கு ஆறு. ஐந்தாம் வரிக்கு அதுவே ஜோடி. எண் எது என்பது முக்கியமில்லை, காலியா இல்லையா என்பதே கணக்கு.

இப்போது ஏழாம் வரி 060 002 80 என்று வந்துவிட்டது என்று வையுங்கள். எட்டே எழுத்து, ஒரு பூஜ்யம் குறைகிறது. கடைசிக் கொத்தில்தானே குறை தெரிகிறது, அங்கே ஒரு பூஜ்யத்தைச் சேர்த்துவிடலாம் என்று கை போகும். போகக் கூடாது. ஜோடியான மூன்றாம் வரியைப் பின்னாலிருந்து படித்தால் ஒரு காலி, ஓர் எண், நாலு காலி, இரண்டு எண், ஒரு காலி என்று வருகிறது. வந்த வரியில் 6க்கும் 2க்கும் நடுவே மூன்று காலிதான் உண்டு. தொலைந்த பூஜ்யம் அங்கேதான் போக வேண்டும். அனுப்பியவரைக் கேட்காமலே வரி 060 000 280 என்று சரியாகிவிட்டது.

எழுத்து குறையாமல் நகர்ந்துவிடும் தவறு இன்னும் மோசம். எட்டாம் வரி 000 419 005க்குப் பதில் 000 041 905 என்று வந்தால் எண்ணிக்கை ஒன்பது சரியாக இருக்கும். ஆனால் இரண்டாம் வரியோடு ஜோடி சேராது. இந்த முறை 9 நகர்ந்து போய், கடைசி வரியின் 9 இருக்கும் அதே பெட்டியில் விழுகிறது. ஆகவே வழக்கமான சோதனையிலும் மாட்டிக்கொள்ளும். எல்லா முறையும் அப்படி மாட்டும் என்று சொல்ல முடியாது.

சமச்சீர்ச் சோதனைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. கணினி உருவாக்கித் தரும் பல புதிர்களில் சமச்சீரே இருக்காது. மூன்று ஜோடி பொருந்தி ஒரு ஜோடி மட்டும் இடித்தால் தட்டச்சைச் சந்தேகியுங்கள். எதுவுமே பொருந்தாவிட்டால் புதிரே அப்படித்தான் என்று விட்டுவிடுங்கள். இரண்டாவது, இடம் சரியாக இருந்து எண் மட்டும் மாறியிருந்தால் இந்தச் சோதனைக்குத் தெரியாது.

எண் மாறுவதில் அதிகம் காலை வாருவது 1ம் 7ம்தான். மலிவான தாளில் 3ம் 8ம், 6ம் 8ம்கூட. ஐந்தாம் வரியின் கடைசி 1ஐ 7 என்று அடித்துவிட்டால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். 400 803 007. அந்த வரியில் வேறு 7 இல்லை, நெடுவரிசையில் இல்லை, பெட்டியிலும் இல்லை. எண்ணிக்கை 30தான், சமச்சீரும் கெடவில்லை. புதிர் ஒழுங்காகவே நகர்கிறது. 25 கட்டங்களுக்கு மேல் தயங்காமல் நிரம்புகின்றன. அப்புறம் மூன்றாம் வரியின் ஆறாம் கட்டத்தில் வந்து நிற்கிறது. வரிக் கணக்குப்படி அங்கே 5 அல்லது 7 வர வேண்டும். அதே நெடுவரிசையில் மேலே அச்சிட்ட 5 இருக்கிறது, கீழே ஏழாம் வரியில் நாம் நிரப்பிய 7 இருக்கிறது. எதற்கும் வழியில்லை. தவறு நடந்த இடம் ஐந்தாம் வரி, முட்டி நின்ற இடம் மூன்றாம் வரி. இரண்டுக்கும் தொடர்பே இல்லாததுபோல் இருப்பதால் பலர் தாங்கள்தான் நடுவில் எங்கோ தப்புப் போட்டோம் என்று எல்லாவற்றையும் அழிப்பார்கள்.

இந்த மாதிரி முட்டினால் அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேட்பதுதான் வழி. கேட்கும்போது, “அதே வரியைத் திரும்பப் படிங்க” என்று சொன்னால் பயனில்லை. அதே கண் அதே 7ஐத்தான் படிக்கும். “இந்த முறை மேலேயிருந்து கீழே படிங்கக்கா, ஒவ்வொரு நெடுவரிசையா” என்று கேளுங்கள். வரிசை மாறும்போது கண் புதிதாகப் பார்க்கும். அதிலும் சந்தேகம் என்றால், அதே பேப்பரில் சந்தேகமில்லாத ஒரு 7ஐப் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லலாம்.

குறுக்கெழுத்துப் புதிருக்குக் கட்டம் அதிகம். ஆங்கில நாளிதழ்களின் வழக்கமான 15க்கு 15 சதுரத்தில் 225. ஆனால் கறுப்புக் கட்டத்துக்கு ஒரு குறி, வெள்ளைக்கு ஒரு குறி, அவ்வளவுதான். எண்களை அடிக்கவே வேண்டாம். இடமிருந்து வலமோ மேலிருந்து கீழோ ஒரு சொல் தொடங்கும் கட்டங்களுக்கு, முதல் வரியிலிருந்து வரிசையாக எண் போட்டுக்கொண்டே போனால் தானாக வந்துவிடும்.

குறிப்புகள் கையில் இருந்தால் கட்டத்தையே ஓரளவு மீட்டுவிடலாம். இடமிருந்து வலம் பட்டியலில் 1 எட்டு எழுத்து, 5 ஆறு எழுத்து, அடுத்தது 9 என்று இருக்கிறது. மேலிருந்து கீழ் பட்டியலில் 1, 2, 3, 4, 6, 7, 8 இருக்கின்றன என்று வையுங்கள். எட்டும் ஆறும் 14, நடுவே ஒரு கறுப்பு, ஆக 15. முதல் வரி முழுதும் கிடைத்துவிட்டது:

```
........#......
```

தமிழ் வார, மாத இதழ்களில் வரும் குறுக்கெழுத்துக்கு இந்த வித்தை அப்படியே செல்லாது. நம் இதழ்களில் வலமிருந்து இடமும், கீழிருந்து மேலும்கூடச் சொற்கள் ஓடும். எண் எந்த முனையில் நிற்கிறது என்பதைக் கறுப்பு வெள்ளையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஒவ்வோர் எண்ணும் எந்த வரியில் எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறது என்று தனியாக எழுதி அனுப்பத்தான் வேண்டும். ஏற்கெனவே நிரப்பிய எழுத்துகளையும் சேர்த்து அனுப்புவதானால் கட்டத்துக்குக் கட்டம் ஒரு காற்புள்ளி போடுங்கள். கு, தை, மொ என்பவை நமக்கு ஒரு கட்டம், ஒரு எழுத்து. கணினியோ மெய்யையும் உயிர்க்குறியையும் இரண்டாக எண்ணும். காற்புள்ளி இல்லாமல் ஒரு வரியின் நீளத்தைக் கணினியிடம் எண்ணச் சொன்னால், 11 கட்டம் உள்ள வரிக்கு 11க்கு மேல் என்று வந்து நிற்கும்.