அதிகம் கறக்கும் மாடுதான் நல்ல மாடா? ஒரு நோட்டு சொல்லும் நிஜக் கணக்கு!

விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணறு, மானாவாரி கரிசல் பூமி. மழை பெய்தால் சோளமும் கம்பும் பருத்தியும் உண்டு. பெய்யாவிட்டால் வீட்டுச் செலவுக்குக் கை கொடுப்பது கட்டுத்தறியில் நிற்கும் இரண்டு மூன்று மாடுகள்தான். சித்திரை, வைகாசியில் தட்டைப் படப்பு கரைந்து, வைக்கோலை விலைக்கு வாங்க வேண்டிய நிலை வரும்போது இங்கே பல வீடுகளில் ஒரே கேள்வி எழும். 'ஒரு மாட்டைக் கொடுத்துவிடலாம். ஆனால், எதைக் கொடுப்பது?'

பெரும்பாலும் பதில் கண் மதிப்பில் வருகிறது. "இது நிறைய கறக்கும், அது கம்மி" என்று நினைவில் இருப்பதை வைத்து முடிவெடுக்கிறார்கள். பால் சொசைட்டி அட்டை இதற்கு உதவாது. வீட்டு மாடுகள் அத்தனையின் பாலும் ஒரே கேனில் போய், ஒரே எண்ணாகத்தான் அதில் பதிவாகும். அந்த மொத்தத்துக்குள் எந்த மாடு உழைக்கிறது, எந்த மாடு சும்மா தின்கிறது என்பது மறைந்துவிடும்.

இதைப் பிரித்துப் பார்க்க வழி உண்டு. டென்மார்க்கின் வேயன் என்ற ஊரில் விவசாயிகள் 1895-ம் ஆண்டு ஒரு சங்கம் அமைத்து, ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனித்தனியாக அளந்து எழுத ஏற்பாடு செய்தார்கள். பால் பதிவுச் சங்கங்களுக்கு அதுதான் தொடக்கம். இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டுக்குச் சங்கமெல்லாம் தேவையில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டும், அளவுக் குவளையும், சுவரில் தொங்கும் மாத காலண்டரும் போதும்.

என்ன எழுத வேண்டும்?

ஒரு மாட்டுக்கு மூன்று பக்கம் ஒதுக்க வேண்டும். முதல் பக்கத்தின் உச்சியில் மாட்டின் பெயர், எத்தனையாவது ஈத்து, காதுத் தோட்டில் இருக்கும் 12 இலக்க எண்.

முதல் பக்கம் பாலுக்கு. தினமும் எழுதத் தேவையில்லை. மாதம் ஒரு நாள் போதும். கன்று ஈன்று சீம்பால் நாள்கள் முடிந்த பிறகு, ஒரு தேதியை வைத்துக்கொண்டு, மாதாமாதம் அதே தேதியில் காலைப் பாலையும் மாலைப் பாலையும் தனியாக அளந்து கூட்டி எழுத வேண்டும். அதை 30-ஆல் பெருக்கினால் அந்த மாதப் பால் ஏறக்குறைய கிடைத்துவிடும். வீட்டுக்கு எடுத்துவைக்கும் பாலையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். கன்றுக்கு வழக்கமாக விடுகிற அளவை அன்றைக்கு மட்டும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மாடு காய்ச்சலில் இருந்தால் அளப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடலாம்.

இரண்டாம் பக்கம் சினைக்கு. கன்று ஈன்ற தேதி, பருவத்துக்கு வந்த தேதி, சினை ஊசி போட்ட தேதி, சினை உறுதியான தேதி, பால் வற்றவிட்ட தேதி. இவ்வளவுதான். ஊசி போடும்போது விந்துக் குச்சியில் இருக்கும் காளையின் எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நாளை அந்த மாட்டின் கிடாரிக்கு அதே காளையின் ஊசியைப் போட்டுவிடாமல் இருக்க இது உதவும்.

மூன்றாம் பக்கம் வைத்தியத்துக்கு. என்ன நோய், எந்தத் தேதி, என்ன மருந்து, எந்தத் தேதி வரை பாலை விற்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னார் என்பது வரை எழுத வேண்டும்.

கருப்பியும் செவலையும்

எடுத்துக்காட்டுக்கு, கருப்பி, செவலை என இரண்டு கலப்பின மாடுகள் உள்ள ஒரு வீட்டின் நோட்டைப் பார்ப்போம்.

கருப்பி 2023 ஜனவரி 10-ல் ஈன்றது. மாதாமாதம் அளந்த பால் 11, 13, 12, 11, 10, 9, 8, 7, 7, 6, 5, 4, 4 லிட்டர். கூட்டினால் 107. 30-ஆல் பெருக்கினால் 3,210 லிட்டர். செவலை ஜனவரி 25-ல் ஈன்றது. அதன் பால் 9, 10, 10, 9, 9, 8, 8, 7, 6, 5 லிட்டர். கூட்டினால் 81. மொத்தம் 2,430 லிட்டர்.

இதோடு நிறுத்தினால் கருப்பிதான் கெட்டிக்கார மாடு. உச்சத்தில் 13 லிட்டர் கறந்ததை வீட்டில் யாரும் மறக்கவும் மாட்டார்கள். ஆனால், இரண்டாம் பக்கத்தைப் புரட்டினால் கதை மாறுகிறது. செவலை அடுத்த கன்றை 2024 ஜனவரி 28-ல் ஈன்றது. இரண்டு ஈத்துக்கும் இடைவெளி 368 நாள். கருப்பி ஈன்றதோ 2024 ஜூன் 29-ல். இடைவெளி 536 நாள்.

மாடு கறக்கும் நாளிலும் தின்கிறது, கறவை வற்றிய நாளிலும் தின்கிறது. அதனால் ஓர் ஈத்தின் மொத்தப் பாலை, அடுத்த கன்று ஈனும் வரையுள்ள எல்லா நாள்களாலும் வகுக்க வேண்டும். செவலைக்கு 2,430-ஐ 368-ஆல் வகுத்தால் நாளுக்கு 6.6 லிட்டர். கருப்பிக்கு 3,210-ஐ 536-ஆல் வகுத்தால் நாளுக்கு 6 லிட்டர். குடத்தை நிறைத்த மாடு, கணக்கில் பின்தங்கிவிட்டது. வருஷத்துக்கு 219 லிட்டர் வித்தியாசம். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால் 7,665 ரூபாய். செவலை வருஷத்துக்கு ஒரு கன்றும் கொடுத்துவிட்டது.

அப்படியானால் கருப்பியை விற்றுவிடலாமா? அவசரப்படக் கூடாது. நோட்டு இன்னொன்றையும் சொல்கிறது.

குறை மாட்டிலா, கண்ணிலா?

கருப்பிக்கு சினை ஊசி போட்ட தேதிகள் ஏப்ரல் 8, மே 20, ஜூலை 22, செப்டம்பர் 23. நான்காவது ஊசியில்தான் சினை நின்றது. 'நாலு ஊசி போட்டும் தங்காத மாடு' என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால், தேதிகளுக்கு நடுவே உள்ள நாள்களை எண்ணிப் பாருங்கள். 42, 63, 63.

சினையாகாத மாடு சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். 18 முதல் 24 நாள் வரை முன்பின் இருக்கலாம். 42 என்பது இரண்டு சுற்று. 63 என்பது மூன்று சுற்று. அதாவது கருப்பி ஒழுங்காகவே பருவத்துக்கு வந்திருக்க வேண்டும். நடுவில் ஐந்து முறை யாரும் கவனிக்கவில்லை. ஐந்து முறை என்றால் 105 நாள் வீண்!

வெக்கை மாதங்களில் இது சகஜம். பருவ அறிகுறிகள் மங்கலாக இருக்கும். பெரும்பாலும் இரவிலோ விடிகாலையிலோதான் தெரியும். பல மாடுகள் சேர்ந்து நிற்கும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று தாவுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். தனியாகக் கட்டிக்கிடக்கும் மாட்டில் அதுவும் தெரியாது. கண்ணாடி போன்ற ஒழுக்கு, அடிக்கடி கத்துவது, தீனி குறைவது, அன்றைக்குப் பால் சற்று இறங்குவது ஆகியவைதான் துப்பு. விடிகாலையிலும் இரவு படுக்கும் முன்பும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். காலையில் அறிகுறி கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் ஊசி போடுவது பொதுவான முறை.

இந்த ஐந்து பருவமும் தப்பாமல் இருந்து, அதே நான்காவது ஊசியில் சினை நின்றிருந்தால், கருப்பியின் இடைவெளி 536-லிருந்து 431 நாளாகக் குறைந்திருக்கும். சினை முன்னதாகப் பிடிப்பதால் கடைசி மாதங்களின் பால் குறையும் என்று கழித்து மொத்தம் 3,000 லிட்டர் என வைத்தாலும், நாளுக்கு ஏறக்குறைய 7 லிட்டர். செவலையைவிட அதிகம். விற்க நினைத்த மாடுதான் வீட்டிலேயே நல்ல மாடு.

ஊசித் தேதிகளின் இடைவெளி வேறு மாதிரி இருந்தால் அர்த்தமும் வேறு. சரியாக 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வந்து மூன்று ஊசிக்கும் தங்கவில்லை என்றால், வீட்டார் பருவத்தைக் கவனிக்கிறார்கள். ஊசி போடும் நேரத்திலோ கர்ப்பப்பையிலோ கோளாறு இருக்கலாம். நான்காவது ஊசிக்கு முன் மருத்துவர் சோதிக்க வேண்டும். இடைவெளி 30, 35 நாள் என்று ஒழுங்கில்லாமல் போனால், பிடித்த கரு கலைந்திருக்கலாம். 42 நாளிலும் சில நேரம் அப்படி நடப்பதுண்டு என்பதால், தேதியை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் நோட்டை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. ஈன்று மூன்று மாதமாகியும் பருவப் பத்தி காலியாக இருந்தால், தீவனத்திலும் தாது உப்பிலும் குறை உண்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

காலண்டரில் மூன்று வட்டம்

ஊசி போட்ட அன்றே காலண்டரில் மூன்று தேதிகளை வட்டமிட்டுவிடலாம். 21-வது நாள், மறுபடி பருவத்துக்கு வருகிறதா என்று கவனிக்க. 90-வது நாள், மருத்துவரிடம் சினைப் பரிசோதனைக்கு. 220-வது நாள், பாலை வற்றவிட. பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள் என்பதால், ஈனுவதற்கு முன் இரண்டு மாதம் மடிக்கு ஓய்வு கிடைக்கும். எருமைக்குச் சினைக்காலம் சுமார் 310 நாள். அதற்கு வற்றவிடும் நாளை 250 என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் பக்கத்தின் எச்சரிக்கை

மடிநோய் வந்தால் எந்தக் காம்பு என்பதையும் எழுத வேண்டும். செவலையின் பக்கத்தில் 'பின் வலது காம்பு' என்று ஒரே ஈத்தில் மூன்று முறை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது புதுசு புதுசாக வந்த நோயாக இல்லாமல், முழுசாக ஆறாத பழைய நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முறையும் மருந்துச் செலவு, கொட்டும் பால், அடுத்த ஈத்தில் அந்தக் காம்பே வற்றிப்போகும் அபாயம் எல்லாம் சேரும். பால் வற்றவிடும் சமயத்தில் அந்தக் காம்புக்குச் சிகிச்சை தர முடியுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். அதற்கும் கேட்காவிட்டால், 6.6 லிட்டர் கணக்கு இருந்தும் செவலையை விற்பது பற்றி யோசிக்க வேண்டியதுதான்.

மாறாக, அடுத்தடுத்து வேறு வேறு மாடுகளுக்கு மடிநோய் என்றால் குறை மாட்டில் இல்லை. கறக்கும் கை, மடி துடைக்கும் துணி, ஈரமான தொழுவத் தரை ஆகியவற்றில்தான் பார்க்க வேண்டும்.

தலைஈத்து மாட்டை மூன்றாம், நான்காம் ஈத்து மாட்டோடு ஒப்பிடக் கூடாது. அது இன்னும் வளர்கிற மாடு. பால் குறைவாகத்தான் இருக்கும். ஓர் ஈத்துக் கணக்கை மட்டும் வைத்து எந்த மாட்டையும் கழிக்கவும் கூடாது. தீவனம் நன்றாகக் கிடைத்த வருஷமும் வறண்ட வருஷமும் நோட்டில் வேறு வேறாகத்தான் தெரியும். இரண்டு ஈத்து எழுதிய பிறகு, பருவத்தைச் சரியாகக் கவனித்தும் இடைவெளி 450 நாளைத் தாண்டுகிறது, நாள் கணக்குப் பாலும் வீட்டின் மற்ற மாட்டைவிடக் குறைகிறது என்றால், எதை விற்பது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.