1000 பிக்சலை வெட்டிய கோடு

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடக்கும்போது அக்குளிலிருந்து நிணநீர்க் கணுக்கள் சிலவற்றை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். கணுவை மெல்லிய சீவலாக அரிந்து, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டுவார்கள். மார்பிலிருந்து கிளம்பி வந்த புற்றுச் செல்களின் கூட்டம் அதில் தங்கியிருக்கிறதா என்று நோயியல் மருத்துவர் தேடுவார். இருந்தால், அடுத்து அதன் அளவு. 2 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் பெரும்பரவல். 0.2க்கு மேல் 2 வரை நுண்பரவல். 0.2ஐத் தாண்டாவிட்டால் 'தனித்த செல்கள்' என்று குறிப்பார்கள்; நோயின் படிநிலையில் அந்தக் கணு பாதிக்கப்பட்டதாகக் கணக்கில் வராது.

இந்தத் தேடலைக் கணினியிடம் கொடுத்துப் பார்க்க நெதர்லாந்தின் நைமேகன், உட்ரெக்ட் நகர மருத்துவமனைகளின் ஸ்லைடுகளைக் கொண்டு 2016இல் ஒரு போட்டி நடந்தது. கேமிலியான்16 என்று பெயர். சுமார் 400 ஸ்லைடுகளை ஸ்கேன் செய்து படமாக்கியிருந்தார்கள்.

அந்தப் படங்களின் அளவுதான் முதல் சிக்கல். இத்தகைய ஸ்லைடு படம் ஒன்று ஏறக்குறைய 2 லட்சம் பிக்சல் நீளமும் 1 லட்சம் பிக்சல் அகலமும் இருக்கும். மொத்தம் 2000 கோடி பிக்சல். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சேர்த்தால் சுருக்காத நிலையில் 60 ஜிபி. நியூரல் நெட்வொர்க்கின் முதல் அடுக்கு ஒவ்வொரு பிக்சலுக்கும் 64 எண்களைக் கணக்கிட்டு வைத்துக்கொள்கிறது என்றால், அந்த ஓர் அடுக்குக்கே 5 டெராபைட் நினைவகம் வேண்டும். எந்த கிராபிக்ஸ் கார்டிலும் அவ்வளவு இடம் கிடையாது. ஆகவே படத்தை 512க்கு 512 பிக்சல் துண்டுகளாக வெட்டுகிறார்கள். துறையில் இவற்றுக்கு 'டைல்' என்று பெயர். ஒரு ஸ்லைடிலிருந்து 76 ஆயிரத்துக்கு மேல் டைல்கள் வரும். திசு இல்லாத வெறும் கண்ணாடிப் பகுதிகளைக் கழித்துவிட்டு, மீதியை ஒவ்வொன்றாக நெட்வொர்க்கிடம் காட்டி, அது சொல்லும் விடைகளை மறுபடியும் வரிசையாக ஒட்டினால் முழு ஸ்லைடுக்கான புற்று வரைபடம் கிடைக்க வேண்டும்.

கிடைக்கும். ஆனால் ஒட்டிய இடங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும்.

அது கண்ணுக்கு உறுத்துவதோடு நிற்பதில்லை. ஒரு பிக்சல் கால் மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் 0.2 மில்லிமீட்டர் என்பது 800 பிக்சல். 1000 பிக்சல் நீளமுள்ள ஒரு செல் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். அது 0.25 மில்லிமீட்டர், ஐயத்துக்கு இடமின்றி நுண்பரவல். 512 பிக்சல் டைலுக்குள் அது அடங்காது. குறைந்தது ஒரு வெட்டுக்கோடாவது அதன் குறுக்கே ஓடும். அந்தக் கோட்டையொட்டி நெட்வொர்க் தடுமாறி, நாலைந்து பிக்சலை 'புற்று இல்லை' என்று சொல்லிவிட்டால் போதும். கூட்டம் 600, 400 என்று இரண்டாகப் பிரியும். அளக்கும் நிரல் ஒன்றை 0.15 என்றும் மற்றதை 0.1 என்றும் எழுதும். இரண்டும் 0.2க்குக் கீழே. நுண்பரவல் காணாமல் போய்விட்டது.

நெட்வொர்க் ஓரத்தில் ஏன் தடுமாறுகிறது? ஒரு பிக்சல் புற்றா இல்லையா என்று சொல்ல அது அந்தப் பிக்சலை மட்டும் பார்ப்பதில்லை. சுற்றியுள்ள செல்களின் நெருக்கத்தையும் வடிவத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. டைலின் நடுவில் நான்கு பக்கமும் அக்கம்பக்கம் இருக்கிறது. ஓரத்தில் ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது. அந்த வெற்றிடத்தை வழக்கமாகப் பூஜ்ஜியத்தால் நிரப்புவார்கள். கோட்டுக்கு அப்பால் உண்மையில் புற்றுச் செல்கள் தொடர்ந்துகொண்டிருக்க, நெட்வொர்க்குக்குத் தெரிவது அங்கே ஒன்றுமே இல்லை என்ற பொய்த் தகவல். கோட்டின் மறுபக்க டைலுக்கும் அதே கதி. ஆக, மோசமான விடைகள் இரண்டும் ஒரே கோட்டில் வந்து சந்திக்கின்றன.

ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஓலாஃப் ரோனெபெர்கர், ஃபிலிப் ஃபிஷர், தாமஸ் பிராக்ஸ் மூவரும் 2015இல் வெளியிட்ட யு-நெட் இதற்கு நேர்மையான ஒரு வழியைக் காட்டியது. அதில் பூஜ்ஜியம் நிரப்புவதே இல்லை. 572க்கு 572 பிக்சல் டைலைக் கொடுத்தால் நடுவிலுள்ள 388க்கு 388 பகுதிக்கு மட்டும் விடை சொல்லும். சுற்றிலும் 92 பிக்சல் பட்டை பார்ப்பதற்கு மட்டுமே. அடுத்த டைலை 388 பிக்சல் தள்ளி வைத்தால் விடைகள் இடைவெளியின்றிப் பொருந்தும். உள்ளே போகும் டைல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். தையற்காரர் ஓரத்தில் விடும் பிடிப்புத்துணி போலத்தான்: சட்டையில் அது வெளியே தெரிவதில்லை, ஆனால் இல்லாமல் தைக்கவும் முடியாது. படமே முடிந்துபோகும் வெளி எல்லையில் பக்கத்துப் பிக்சல்கள் கிடையாது. அங்கே உள்ளிருக்கும் பகுதியைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பி ஒட்டினார்கள். இதற்கு ஒரு விலையும் உண்டு. உள்ளே கொடுத்த பரப்பில் பாதிக்கும் குறைவாகத்தான் விடையாக வெளியே வருகிறது.

இன்னொரு வழி, ஓரத்தைத் தூக்கியெறியாமல் அதன் சொல்லுக்கு மதிப்பைக் குறைப்பது. ஹைடெல்பெர்க்கில் உருவான என்என்யு-நெட் இப்படிச் செய்கிறது. டைல்களைப் பாதிக்குப் பாதி ஏறி நிற்குமாறு வைத்து, ஒவ்வொன்றின் நடுவுக்கு அதிக எடையும் ஓரத்துக்குச் சொற்ப எடையும் தருகிறது. நம் 1000 பிக்சல் கூட்டத்தில் வெட்டுக்கோட்டருகே ஒரு பிக்சலைப் பார்ப்போம். அது தன் நடுப்பகுதியில் விழும் டைல் 'புற்றாக இருக்க வாய்ப்பு 0.9' என்கிறது, எடை 0.8. அதை ஓரத்தில் வைத்திருக்கும் டைல் 0.3 என்கிறது, எடை 0.2. பெருக்கிக் கூட்டினால் 0.72உம் 0.06உம் சேர்ந்து 0.78. கூட்டம் அறுபடவில்லை. ஆனால் இந்தக் கூட்டலை வாய்ப்பு எண்களில்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு டைலிலும் 'புற்று', 'புற்றில்லை' என்று முடிவு கட்டிவிட்டுப் பிறகு சேர்த்தால், எந்த டைல் எவ்வளவு உறுதியாகச் சொன்னது என்பது அதற்குள் தொலைந்துவிட்டிருக்கும்.

இவ்வளவும் செய்தும் கட்டம் தெரிகிறதென்றால், பெரும்பாலும் பிழை வெட்டுவதற்குப் பிந்தைய நிறச் சமன்பாட்டில் இருக்கும். நெட்வொர்க்குக்குக் கொடுக்குமுன் நிற எண்களை ஒரு சராசரிக்குக் கொண்டுவருவது வழக்கம். அந்தச் சராசரியை ஒவ்வொரு டைலிலும் தனித்தனியே எடுப்பது பலர் செய்யும் தவறு. ஒரு டைலில் முக்கால்வாசி வெளிறிய கொழுப்பு. பக்கத்து டைல் முழுக்க நெருக்கமான ஊதாச் செல்கள். ஒரே புற்றுக் கூட்டம் இரண்டிலும் பாதிப்பாதி இருந்தால், முதல் டைலில் அது பளிச்சென்று தெரியும். இரண்டாவதில் மற்ற ஊதாவோடு கலந்து மங்கும். எவ்வளவு ஏற்றி வைத்தாலும், எடை போட்டாலும் இது குணமாகாது. கோடு மங்கலாகப் பரவும், அவ்வளவுதான். பார்ப்பவர் சரியாகிவிட்டதாக நம்பிவிடுவார் என்பதால் இது இன்னும் ஆபத்து. சராசரியை முழு ஸ்லைடுக்கும் ஒருமுறை எடுத்து, எல்லா டைல்களுக்கும் அதையே பயன்படுத்த வேண்டும்.

கண்ணால் பார்த்துத் 'தையல் தெரியவில்லை' என்று முடிவு செய்வதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. அதே ஸ்லைடை இரண்டு முறை ஓட்ட வேண்டும். இரண்டாம் முறை வெட்டுக்கட்டத்தை அரை டைல், அதாவது 256 பிக்சல், நகர்த்திவிட்டு. பிறகு ஒரு விடையிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். திசு மாறவில்லை, வெட்டிய இடம் மட்டுமே மாறியிருக்கிறது. மிச்சத்தில் நேர்கோடுகளாக ஏதாவது தெரிந்தால் அது முழுக்க வெட்டுக்கோட்டின் வேலை. நகர்த்தும் தூரத்தை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். யு-நெட் உள்ளே நான்கு முறை படத்தைப் பாதியாகச் சுருக்குகிறது; எனவே தூரம் 16ஆல் வகுபட வேண்டும். 256 வகுபடும். 250 என்று வைத்தால் சுருக்கும்போது பிக்சல்கள் வேறு விதமாக ஜோடி சேர்ந்து, தையலோடு சம்பந்தமில்லாத வித்தியாசம் படம் முழுக்கத் தெளித்ததுபோல வரும்.

வெறுமனே வெட்டி ஒட்டிய முறையில் இந்தச் சோதனையைச் செய்தால் அந்தச் செல் கூட்டம் முதல் ஓட்டத்தில் 600, 400 என்று இரண்டாகவும், இரண்டாம் ஓட்டத்தில் வேறோர் இடத்தில் அறுபட்டும் வரும். ஓரப்பட்டையை விட்டு, நிறத்தை முழு ஸ்லைடுக்கும் சமன்செய்து ஓட்டினால் இரண்டு முறையும் ஒரே துண்டாக, 1000 பிக்சலை ஒட்டியே வர வேண்டும். அப்போதுதான் 0.25 மில்லிமீட்டர் என்று அறிக்கையில் எழுதலாம்.