இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட்டில் ஏஐ: ஸ்பெல்செக் ஓகே... முழுசா எழுதித் தந்தா? கோடு எங்கே விழுகிறது?

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கத்து இன்ஜினியரிங், பாலிடெக்னிக் மாணவர்கள் பலருக்கு சிப்காட் தொழிற்சாலைகள்தான் பயிற்சிக்கூடம். சில வாரங்கள் அங்கே நின்று பார்த்துவிட்டு, கல்லூரிக்கு ஒரு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் ஆங்கிலத்தில். அங்கேதான் கேள்வி வருகிறது: ஸ்பெல்லிங் பார்க்க ஒரு டூல் பயன்படுத்தலாம். அதே டூல் பத்தியையே மாற்றி எழுதினால்? முழு ரிப்போர்ட்டையும் எழுதிக் கொடுத்தால்? எது வரை உதவி, எங்கிருந்து தப்பு?

ஒரே வாக்கியம், ஐந்து படிகள்

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டியில் ஸ்டீல் ரோலிங் மில்கள் அதிகம். அப்படி ஒரு மில்லில் பயிற்சி எடுத்த மாணவர், தன் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுகிறார். அதன் பொருள் இதுதான்: "போன வாரம் 3 நாள், பில்லட் சரியா சூடாகாம மில் நின்றது."

முதல் படி, ஸ்பெல்செக். ‘டெம்பரேச்சர்’ என்ற சொல்லில் விட்டுப்போன எழுத்தை டூல் சேர்க்கிறது. பொருள் மாறவில்லை.

இரண்டாவது படி, கிராமர் திருத்தம். வினைச்சொல் சரியாகிறது, வாக்கியம் நேராகிறது. சொன்ன விஷயம் அப்படியே இருக்கிறது.

மூன்றாவது படி, ‘நல்லா மாத்தி எழுது’ என்று கேட்பது. இப்போது வரி இப்படி ஆகிறது: "போதிய வெப்பம் இல்லாததால் ஆலையின் உற்பத்தி 3 நாள்கள் முழுமையாக முடங்கியது." அழகாக இருக்கிறது. ஆனால் மில் நின்றது தினம் அரை மணி நேரம்தான். ‘முழுமையாக’ என்ற சொல்லை மாணவர் எழுதவில்லை, டூல் சேர்த்தது.

நான்காவது படி, ‘காரணத்தை விளக்கி ஒரு பத்தி எழுது’ என்பது. ‘பர்னர் அடைப்பே முக்கியக் காரணம்’ என்று வருகிறது. மாணவர் பர்னரைப் பார்க்கவே இல்லை.

ஐந்தாவது படி, தலைப்பை மட்டும் கொடுத்து முழு ரிப்போர்ட்டையும் கேட்பது. ‘மாற்றத்துக்குப் பிறகு உற்பத்தி 12% கூடியது’ என்று ஒரு வரி வரலாம். அந்த மில்லில் அப்படி ஒரு மாற்றமும் நடக்கவில்லை, அளவெடுப்பும் நடக்கவில்லை.

கவனித்தால் புரியும். முதல் இரண்டு படிகளில் மாறுவது மொழி. மூன்றாவதில் பொருள் நழுவ ஆரம்பிக்கிறது. நான்கிலும் ஐந்திலும், பார்க்காத விஷயம் பார்த்ததாக ரிப்போர்ட்டில் ஏறுகிறது.

விதிகள் என்ன சொல்கின்றன?

இந்தப் படிகளைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னவர்களில் முக்கியமானவர்கள், கணினி மொழியியல் ஆய்வாளர்களின் சர்வதேச அமைப்பான ஏ.சி.எல். 2023 மாநாட்டுக்காக அது ஒரு கொள்கை வெளியிட்டது. எழுதியவரின் சொந்தக் கருத்தை மொழி அளவில் மட்டும் திருத்த டூல் பயன்பட்டால், அதைச் சொல்லத் தேவையில்லை. போன் கீபோர்டு அடுத்த சொல்லைப் பரிந்துரைப்பதும் அப்படித்தான். எல்லோருக்கும் தெரிந்த அடிப்படை விஷயங்களை விளக்கும் பகுதியை டூல் எழுதினால், எந்த இடத்தில் என்று சொல்ல வேண்டும், சரிதானா என்று சரிபார்த்திருக்கவும் வேண்டும். யோசனையும் டூலுடையது, எழுத்தும் டூலுடையது என்றால் அது கிட்டத்தட்ட இணை ஆசிரியர் செய்யும் வேலை. அதை அந்த அமைப்பு ஊக்குவிக்கவில்லை.

மற்ற இடங்களிலும் கோடு ஏறக்குறைய இங்கேதான். எல்சவியர் பதிப்பகம் ஸ்பெல்லிங், கிராமர் டூல்களுக்கு அறிவிப்பு கேட்பதில்லை. அதற்கு மேல் ஏஐ பயன்படுத்தினால் கேட்கிறது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு 2023-ல், ஏஐ டூலை ஆசிரியராகப் போடக் கூடாது என்றது. காரணம் எளிது: எழுதியதற்குப் பொறுப்பேற்க டூலால் முடியாது.

அதாவது டூலின் பெயரை வைத்து யாரும் கோடு போடுவதில்லை. ஒரே ஆப் ஸ்பெல்லிங்கும் பார்க்கும், கட்டுரையும் எழுதும். அதனிடம் என்ன வேலை கொடுத்தீர்கள் என்பதுதான் கணக்கு.

‘10% வரை ஓகே’ என்பது எதற்கு?

மாணவர்கள் குழம்பும் இடம் இது. யுஜிசி 2018-ல் கொண்டுவந்த விதியில் 10% என்ற எல்லை இருக்கிறது. ஆய்வேட்டில் 10% வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 10-லிருந்து 40% என்றால் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-லிருந்து 60% என்றால் ஒரு வருடம் சமர்ப்பிக்க முடியாது. 60%-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

ஆனால் இது இன்னொருவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கான அளவு. சாட்ஜிபிடி வருவதற்கு முன்பே வந்த விதி. ஏஐ புதிதாக எழுதித் தரும் பத்தி வேறெங்கும் அப்படியே இருக்காது என்பதால், ஒற்றுமை 2% என்று காட்டலாம். அதனால் அது மாணவர் எழுதியது ஆகிவிடாது. ‘10% வரை ஏஐ எழுதலாம்’ என்று அந்த விதியில் எங்கும் இல்லை.

கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேரை நம்பலாமா?

ஒற்றுமை அளவு போல ‘ஏஐ சதவீதம்’ காட்டும் சாஃப்ட்வேர்களும் உண்டு. ஒற்றுமையைச் சொல்லும்போது மூலத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்ட முடியும். ஏஐ சதவீதத்துக்கு அப்படி ஆதாரம் கிடையாது, அது ஒரு யூகம். 1 முதல் 19% வரை வந்தால் டர்னிட்டின் நிறுவனமே எண்ணைக் காட்டாமல் நட்சத்திரக் குறி மட்டும் போடுகிறது. தவறாகச் சொல்லும் வாய்ப்பு அங்கே அதிகம் என்பதே காரணம். ஓபன்ஏஐ, தான் வெளியிட்ட கண்டறியும் டூலைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் எடுத்துவிட்டது.

தமிழ் மீடியத்தில் படித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023-ல் ஏழு சாஃப்ட்வேர்களில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர்கள் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாக 61% ‘ஏஐ’ என்று வந்தது. எளிய சொற்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் நடையை, அந்த சாஃப்ட்வேர்கள் இயந்திர நடை என்று எடுத்துக்கொள்கின்றன.

அப்போ என்ன செய்வது?

முதலில், கல்லூரி விதியை கைடிடம் கேட்டுவிடுவது நல்லது. சில இடங்களில் மூன்றாவது படிக்கே அனுமதி இல்லை. வெளியே எங்கும் அனுமதி இருந்தாலும் உங்களுக்குச் செல்லுபடியாவது உங்கள் கல்லூரி விதிதான்.

அடுத்தது ஆதாரம். மில்லில் குறித்த நோட்டு, போனில் அடித்த முதல் டிராஃப்ட், கூகுள் டாக்ஸில் இருக்கும் வெர்ஷன் ஹிஸ்டரி ஆகியவற்றை அழிக்காதீர்கள். நீங்கள்தான் எழுதினீர்கள் என்று காட்ட, எந்தச் சதவீதத்தையும் விட இவை வலுவானவை.

ரிப்போர்ட்டை டூலில் அப்படியே ஒட்டும் முன் ஒரு எச்சரிக்கை. அதில் இருக்கும் உற்பத்தி எண்ணிக்கை, மெஷின் செட்டிங், வாடிக்கையாளர் பெயர் எல்லாம் கம்பெனியின் தகவல். ரகசியம் காப்பதாகப் பயிற்சியில் சேரும்போது கையெழுத்துப் போட்டிருந்தால், வெளி ஆப்பில் ஏற்றுவதே மீறல் ஆகலாம்.

மாற்றி எழுதும் உதவி எடுத்திருந்தால், முகப்புப் பக்கங்களில் ஒரு குறிப்பு போதும்: "இந்த ரிப்போர்ட்டின் 2, 3-ம் அத்தியாயங்களில் ஆங்கில நடையைச் சீராக்க இந்த டூலைப் பயன்படுத்தினேன். தகவல்கள், அளவுகள், முடிவுகள் என்னுடையவை. திருத்திய ஒவ்வொரு வரியையும் என் குறிப்புகளோடு சரிபார்த்தேன்."

கடைசி வரியை உண்மையாக எழுத முடிகிறதா என்று பாருங்கள். வைவாவில் ‘பர்னர் அடைப்புன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?’ என்று கேட்டால், பதில் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிட வேண்டியதுதான்.