சட்டப் பிரிவைச் சுருக்கி வரைதல்

மும்பையின் தாராவியில், பள்ளி ஒன்றின் அருகே தமிழர் ஒருவர் பெட்டிக்கடை நடத்துகிறார் எனக் கொள்வோம். பிஸ்கட், சோப்பு, தீப்பெட்டி ஆகியவற்றோடு பீடியும் சிகரெட்டும் விற்கிறார். இவ்விற்பனையை ஒழுங்குபடுத்துவது 2003ஆம் ஆண்டின் சிகரெட்டுகள் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம். அதன் 6ஆம் பிரிவை அவர் படித்துணரும் வகையில் தமிழில் சுருக்கித் தர வேண்டும். கதையைச் சுருக்கும்போது ஒரு சொல்லுக்கு ஈடாக வேறொரு சொல்லை இடலாம். இங்கு அவ்வாறு இட்டால், கடைக்காரர் செய்யத்தகாததைச் செய்துவிட நேரும்.

6ஆம் பிரிவு மிகச் சிறியது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருளை விற்றலும், கல்வி நிறுவனத்திலிருந்து நூறு கெஜச் சுற்றளவுக்குள் விற்றலும் கூடாது என்கிறது. இவ்விரண்டையும் ‘மற்றும்’ என்னும் பொருள்தரும் இடைச்சொல் இணைக்கிறது. இதனைக் கருதாமல், “பள்ளியருகே சிறுவர்களுக்கு விற்கக் கூடாது” என ஒரே தொடராகச் சுருக்குவோர் உண்டு. அத்தொடரைப் படிக்கும் கடைக்காரர், பள்ளியருகே பெரியவர்களுக்கு விற்கலாம் என்றே எண்ணுவார். இவை தனித்தனித் தடைகள். ஆதலால் தனித்தனித் தொடர்களாகவே எழுத வேண்டும்.

அடுத்து, சொற்பொருள். ‘விற்பனை’ என்றால் காசு வாங்கிக்கொண்டு பொருள் கொடுப்பது என்பது வழக்கு. சட்டத்தின் 3ஆம் பிரிவு அச்சொல்லை இதனினும் விரிந்த பொருளில் வரையறுக்கிறது. ரொக்கம், கடன், பண்டமாற்று ஆகிய மூன்றும் விற்பனையே. விற்பனைக்காகக் காட்சிக்கு வைத்தலும் விற்பனையே. எனவே, “கணக்கில்தான் எழுதினேன், காசு வாங்கவில்லை” என்பது கடைக்காரருக்கு விடையாகாது. கடைமுகப்பில் சரமாகத் தொங்கவிட்டிருப்பதும் அவ்வாறே. ‘புகையிலைப் பொருள்’ என்பதும் பீடி, சிகரெட்டோடு நிற்பதன்று. மூக்குப்பொடியும், புகையிலை கலந்த பற்பொடியும்கூடச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளன. பற்பொடி இப்பட்டியலில் இருப்பதை எத்தனை கடைக்காரர்கள் அறிவார்கள்?

தொலைவில்தான் பிழைகள் மிகுதி. நூறு கெஜம் என்பது 91.44 மீட்டர். எளிமை கருதி ‘நூறு மீட்டர்’ என எழுதினால், 95 மீட்டர் தொலைவில் உள்ள கடைக்கு இல்லாத தடையைச் சுமத்தியவர் ஆவோம். அளவு எங்கிருந்து தொடங்குகிறது என்பதும் முதன்மையானது. சட்டத்தின்கீழ் அமைந்த விதி, கல்வி நிறுவனத்தின் வெளிச்சுவர் அல்லது வேலியிலிருந்து அளக்கச் சொல்கிறது. வாயிலிலிருந்து அளப்பதன்று. நம் கடைக்காரர் பள்ளி வாயிலிலிருந்து தெரு வழியே நடந்து அளந்தால் 140 மீட்டர் வருகிறது. தாம் எல்லைக்கு வெளியே இருப்பதாக மகிழ்கிறார். ஆனால் பள்ளியின் பின்சுவரிலிருந்து கடைக்கு நேர்க்கோட்டில் 60 மீட்டரே உள்ளது. ‘சுற்றளவுக்குள்’ என்னும் சொல் நேர்க்கோட்டையே குறிக்கும். ஆகவே கடை தடைக்குட்பட்டது.

தண்டனையை 24ஆம் பிரிவு கூறுகிறது: இருநூறு ரூபாய் வரை அபராதம். ‘வரை’ என்னும் இடைச்சொல்லை விட்டுவிட்டால், உச்ச வரம்பு நிலையான தொகையாக மாறிவிடும்.

இவற்றைக் கருத்திற்கொண்டு சுருக்கம் இவ்வாறு அமையலாம்:

“பதினெட்டு வயது நிரம்பாத எவருக்கும், எவ்விடத்திலும் புகையிலைப் பொருளை விற்றல் கூடாது. கல்வி நிறுவனத்தின் வெளிச்சுவர் அல்லது வேலியிலிருந்து நேர்க்கோட்டில் நூறு கெஜத்திற்குள் (91.44 மீட்டர்) எவருக்கும் விற்றல் கூடாது. விற்க முன்வருவதும், பிறரை விற்க விடுவதும் இவ்வாறே தடுக்கப்பட்டவை. ‘விற்பனை’ என்பதில் கடனும் பண்டமாற்றும் காட்சிக்கு வைத்தலும் அடங்கும். மீறினால் இருநூறு ரூபாய் வரை அபராதம்.”

‘பிறரை விற்க விடுவது’ என்னும் பகுதியைச் சுருக்கத்தில் விடாதிருப்பதற்குக் காரணம் உண்டு. உணவு நேரத்தில் கடையைப் பார்த்துக்கொள்ளும் பையன் விற்றாலும், அதற்கு இடமளித்த உரிமையாளர் பொறுப்பிலிருந்து நீங்கமாட்டார்.

இச்சுருக்கம் 6ஆம் பிரிவுக்கு உண்மையானது. ஆயினும் இத்துடன் நிறுத்தினால் கடைக்காரர், “போனால் இருநூறு ரூபாய்தானே” என்பார். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 77ஆம் பிரிவில், பதினெட்டு வயது நிறைவடையாத ஒருவருக்குத் தகுதிபெற்ற மருத்துவரின் ஆணையின்றிப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கும் கொடுக்கச் செய்பவருக்கும் ஏழாண்டு வரை கடுங்காவல் சிறையும், ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அங்குள்ள சொல் ‘விற்றல்’ அன்று, ‘கொடுத்தல்’. சுருக்குவோர் அதனை ‘விற்றல்’ என மாற்றாமல், மேற்கண்ட சுருக்கத்தின்கீழ்ச் சட்டத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும் குறித்துத் தனிப் பத்தியாக எழுத வேண்டும். இரு சட்டங்களின் தண்டனைகளையும் ஒரே தொடரில் கலந்தால், பெரியவர் ஒருவருக்குப் பள்ளியருகே பீடி விற்றதற்கும் ஏழாண்டுச் சிறை என்று கடைக்காரர் அஞ்ச நேரும்.