சரிவுக்கு ஒரு காப்பு: புட் ஆப்ஷன்

நிஃப்டி புட் ஆப்ஷன் வாங்கியவருக்கு, குறியீடு குறித்த அளவுக்குக் கீழே முடிந்தால் அந்த வித்தியாசம் பணமாகக் கிடைக்கும். இதற்குக் கொடுக்கும் விலைதான் பிரீமியம். சரிவு வராவிட்டால் அது போனதுதான், வாகனக் காப்பீட்டைப் போல.

மாதச் சம்பளக்காரர் ஒருவர் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் 18 லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறார். நிஃப்டி 24,000, ஒரு லாட் 75 என்று கொள்வோம். மூன்று மாதத்தில் முடியும் 23,000 புட்டை 300 ரூபாய்க்கு வாங்கினால் செலவு 22,500. நிஃப்டி 20,000க்கு விழுந்தால் ஃபண்டில் 3 லட்சம் நஷ்டம். புட் 2,25,000 தரும். பிரீமியத்தையும் சேர்த்து நிகர நஷ்டம் 97,500. முதல் ஆயிரம் புள்ளிச் சரிவு அவர் தலையில்தான்.

இதையே ஆண்டுக்கு நான்கு முறை வாங்கினால் 90,000 ரூபாய், அதாவது 5 சதவீதம் கரையும். நீண்டகால முதலீட்டாளருக்கு இது கட்டுப்படியாகாது. வீடு வாங்கவோ கல்விக் கட்டணத்துக்கோ சில மாதங்களில் பணம் எடுக்க வேண்டியவருக்கே பொருந்தும். அவரும் அந்தத் தொகையை வைப்பு நிதிக்கு மாற்றுவது பெரும்பாலும் மலிவு.

முதலீடு 5 லட்சம்தான் என்றால் ஒரு லாட்டே அளவுக்கு மிஞ்சியது. மிஞ்சிய பகுதி வெறும் சூதாட்டம். சிறு நிறுவனப் பங்குகள் வைத்திருப்பவருக்கோ, நிஃப்டி அசையாமல் நிற்கும்போதே நஷ்டம் வரலாம். பீதி பரவிய பின் பிரீமியமும் எகிறிவிடும்: 2020 மார்ச்சில் இந்தியா விக்ஸ் 80ஐத் தாண்டியது.