ஆடிட்டருக்குக் கொடுக்கும் பையில் ஒரு கடிதம்

மார்ச் 31 முடிந்ததும் பில் கட்டுகளையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் ஒரு பையில் போட்டு ஆடிட்டர் அலுவலகத்தில் வைத்துவிட்டு வருவது பல கடைக்காரர்களின் வழக்கம். பில்லில் இருப்பதை ஆடிட்டர் படித்துக்கொள்வார். இல்லாததைக் கடைக்காரர்தான் சொல்லியாக வேண்டும். அதற்கு ஒரு பக்கக் கடிதம் போதும்.

ஒரு பாத்திரக்கடைக்காரர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: "ஐயா, கொள்முதல், விற்பனை பில்கள், 31ஆம் தேதி ராத்திரி கடையடைத்த பிறகு எண்ணிய ஸ்டாக் லிஸ்ட் எல்லாம் இத்துடன் உள்ளன. பிப்ரவரி மாதக் கரண்ட் பில் மட்டும் கிடைக்கவில்லை. மார்ச் 29 தேதியிட்ட பில் ஒன்று, வரி நீங்கலாக 84,000 ரூபாய். சரக்கு வந்து இறங்கியது ஏப்ரல் 2. ஸ்டாக்கில் சேர்க்கவில்லை. எந்த வருடத்தில் எழுதுவது? லாரி ரசீது வைத்திருக்கிறேன்."

இந்தக் கடைசிக் கேள்விதான் கடிதத்தின் உயிர். வருட ஆரம்பத்துச் சரக்கோடு வாங்கியதைக் கூட்டி, மிச்சமிருக்கும் சரக்கைக் கழித்தால் விற்றதன் அடக்கவிலை கிடைக்கும். மேற்படி பில் கொள்முதலில் ஏறி, சரக்கு மட்டும் ஸ்டாக்கில் ஏறாமல் போனால், விற்காத பாத்திரம் விற்றதாகக் கணக்காகி, லாபம் 84,000 ரூபாய் குறைந்துவிடும். லாரியில் ஏற்றியதுமே சரக்கு கடைக்காரருக்குச் சொந்தம் என்பது பேச்சானால் இரண்டிலும் சேர்க்க வேண்டும். கடையில் இறங்கிய பிறகே சொந்தம் என்றால் இரண்டிலும் விட்டு ஏப்ரலில் எழுத வேண்டும். ஒன்றில் சேர்த்து மற்றொன்றில் விடுவதுதான் தப்பு. ஜிஎஸ்டியில் இன்னொரு நுணுக்கம்: விற்றவர் மார்ச் கணக்கில் பில்லைக் காட்டியிருந்தாலும், சரக்கு கைக்கு வராமல் உள்ளீட்டு வரியை எடுக்கக்கூடாது. ஆகவே அது ஏப்ரலுக்குப் போகும். இதையெல்லாம் பில்லின் தேதியை மட்டும் பார்த்து எந்த ஆடிட்டராலும் சொல்ல முடியாது.

பேங்கில் வந்த பெரிய தொகைகளுக்கும் இதே கதைதான். "ஆகஸ்டில் வந்த 1,50,000 என் மைத்துனர் கொடுத்த கைமாற்று, விற்பனை அல்ல" என்று ஒரு வரி எழுதாவிட்டால், அது விற்பனையில் சேர்ந்துவிட வழியுண்டு. "கடைக்குப் பெயின்ட் அடித்தவருக்கு ஒரே நாளில் 18,000 ரொக்கமாகக் கொடுத்தேன், செலவில் வருமா?" என்பதையும் மறைக்காமல் கேட்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், சில விதிவிலக்குகள் தவிர, வருமான வரியில் அது செலவாக ஏற்கப்படாது. சில கேள்விகளுக்கு இப்படிப் பாதகமான பதில்தான் வரும்; நோட்டீஸில் தெரிந்துகொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்து, ஆடிட்டர் சொல்லும் பதிலை ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே எழுதி, அந்த வருடத்து ஃபைலிலேயே வைத்துவிடுங்கள்.